தாய்முகமும் தொழில்முகமும்

தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சேற்றியவர்களில் பெர்சிவல் பாதிரியார் 1874ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுதியில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவையும், டென்மார்க்கு தேசத்துப் பாதிரியாரான ஹெர்மன் ஜென்சன் 1897இல் பொருள்வாரியாக வகுத்துத் தந்த தொகுதியில் 3644உம் இடம்பெற்றிருக்கின்றன. தாயையும் பிள்ளையையும் பற்றிய வாசகங்களுக்கு நம் ஜனங்களின் வாயில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. ஆயினும், பிரசவத்துக்கு இத்தனை வாரம் என்று கணக்கிட்டு விடுப்பெடுத்து, அது முடிந்த மறுநாள் காலையில் கைப்பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுத் தொழிற்சாலை வாயிலிலோ பள்ளிக்கூட வாசலிலோ போய் நிற்கிற ஸ்திரீயை மனத்தில் வைத்துப் பிறந்த பழமொழியை அவற்றில் எதிர்பார்ப்பது நியாயமாகாது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண் பிள்ளையை இடுப்பில் எடுத்துக்கொண்டே போனாள். வரப்போரத்து வேலமரத்தில் பழைய சேலையால் ஏணை கட்டினாள். பிள்ளை அழுதால் கரையேறி வந்து பால் கொடுத்தாள். அவளுக்குக் கஷ்டம் இல்லாமலில்லை. ஆனால் அவளுடைய தொழிலும் தாய்மையும் ஒரே வயலில் இருந்தன. அவ்விரண்டையும் இரண்டு இடங்களாகப் பிரித்தது ஆலையின் மதிற்சுவரும் அலுவலகத்து வருகைப் பதிவேடுமே. பம்பாய் மாகாணம் 1929இலும் சென்னை மாகாணம் 1934இலும் பேறுகாலச் சட்டங்களை இயற்றின. இந்தியா முழுமைக்குமான சட்டம் வந்தது 1961இல். ஆகவே விடுப்பு முடிந்து திரும்புதல் என்னும் அனுபவத்துக்கே நம் நாட்டில் இன்னும் நூறு வயது நிரம்பவில்லை.

பழமொழியோ நூறு வருஷத்துக்குள் சுலபமாக உண்டாவதில்லை. அதனால் வேறு சந்தர்ப்பங்களுக்காகப் பிறந்த வாசகங்களை இச்சந்தர்ப்பத்துக்கு இரவல் வாங்கி உபயோகிக்கிறோம். இரவல் வாங்கிய வாசகம் யார் வாயிலிருந்து, எந்த நேரத்தில், யாரிடம் எதை எதிர்பார்த்து வருகிறது என்பதைப் பொறுத்து ஆறுதலாகவும் ஆகலாம், வெட்டுக்கத்தியாகவும் ஆகலாம். இதை விருத்தாசலத்தையும் நல்லூர் ஒன்றியத்துக் கிராமங்களையும் முன்வைத்துப் பார்ப்பது பொருந்தும் என்று எண்ணுகிறேன். ஏனெனில் ஓராண்டு விடுப்புப் பெறும் அரசுப் பள்ளி ஆசிரியையும், ஒரு நாள் விடுப்புக்கும் சட்டத்தின் துணையில்லாத பட்டறைப் பெண்ணும் அங்கே ஒரே பஸ்ஸில் போகிறவர்கள்.

மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயிலால் புகழ்பெற்ற விருத்தாசலம், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பீங்கானாலும் பெயர் பெற்றது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை மூடிக் கிடக்கும் மண்ணோடு வருகிற வெண்களிமண் அருகிலேயே கிடைப்பதும், பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் கல்விக்கூடம் ஒன்று அங்கே அமைந்ததும் சேர்ந்து, மின் உருகிக் கட்டைகளும் பொம்மைகளும் செய்யும் சிறு பட்டறைகளுக்கு இடம் கொடுத்தன. இப்பட்டறை வேலையில் ஒரு காரியத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். களிமண்ணையும் படிகக்கல் மாவையும் வேண்டிய மற்றவற்றையும் தண்ணீரோடு கலந்து கூழாக்கி, பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச அதன் உட்சுவரை ஒட்டிக் களி படிந்து கனம் ஏறுகிறது. வேண்டிய கனம் வந்த உடனே அச்சைக் கவிழ்த்து, எஞ்சிய கூழை வடித்துவிட வேண்டும். பிறகு பொம்மை சிறிது சுருங்கி அச்சைவிட்டுத் தானே விலகும். அப்போது எடுத்து, அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்துத் தழும்பைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துக் காயவைக்க வேண்டும். கவிழ்க்கும் நேரம் தவறினால் சுவர் தடித்துப் போகும். ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருக்கிற உருப்படி காயும்போதோ சூளையிலோ விரிசல் காணும். இவ்வளவு விஸ்தாரமாக இதைச் சொல்லக் காரணம் உண்டு. பாலுக்கு அழுகிற பிள்ளையும் காத்திராது. ஊற்றி வைத்த அச்சும் காத்திராது. மார்பில் பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைகிற நேரமும், அச்சைக் கவிழ்க்க வேண்டிய நேரமும் ஒன்றாக வந்து சேரும் வேளையில் அவளுக்குச் சொல்லத் தகுந்த பழமொழி எது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில், மிகுதியாகச் சொல்லப்படுவது எது என்று பார்ப்போம். ‘மழைமுகம் காணாத பயிரும் தாய்முகம் காணாத பிள்ளையும்’ என்று ஒரு வாசகம் உண்டு. செழிக்காது என்ற வினையைக்கூடச் சொல்லாமல் விட்டுவிடுவதில்தான் அதன் பலம் இருக்கிறது. பிறந்ததுமே தாயை இழந்து பிறர் கையில் வளர்கிற பிள்ளையைக் கண்டு இரங்கிச் சொல்லப்பட்டால் அதில் குற்றம் காண இடமில்லை. ஆனால் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு மாலை ஆறு மணிக்குத் திரும்பி வருகிற தாய், பிள்ளையின் கண்ணுக்கு மறைந்து போனவள் அல்லள். வானத்தில் என்றுமே மேகம் கூடாத நிலத்துக்குச் சொன்னதை, மாலைதோறும் மழை பெய்கிற நிலத்துக்குச் சொல்வது உவமையின் எல்லையைக் கடந்த பிரயோகம். அதோடு இவ்வாசகம் இயற்கை விதியின் உருவத்தில் வருகிறது; பேசுகிற மாமியாரோ அண்டை வீட்டு ஆயாவோ தம் அபிப்பிராயத்தைச் சொல்லவில்லை, உலகம் இப்படித்தான் என்று அறிவிக்கிறார்கள்; ஆகவே மறுத்துப் பேச அவளுக்கு இடமே இல்லாமல் போகிறது. ‘புள்ள ஏங்கிப் போயிடும்’ என்று அதே ஆயா சாதாரணப் பேச்சில் சொல்லியிருந்தால், ‘நீ பார்த்துக்க மாட்டியா, ஆயா?’ என்று பதில் கேள்வியாவது கேட்கலாம். பழமொழியாகச் சொன்ன பிறகு கேட்க முடியாது.

இந்த ஏக்கத்தில் உண்மையே இல்லையா என்று கேட்டால், உண்டு என்றே சொல்ல வேண்டும். அது நெஞ்சில் மட்டுமின்றிக் காலண்டரிலும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதலிரண்டு பிரசவங்களுக்கு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. அதில் எட்டு வாரம்வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். கால் வீங்கி, இரத்த அழுத்தம் ஏறி, டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னதனால் ஒருத்தி அவ்வெட்டு வாரத்தையும் முன்னதாகவே எடுத்துவிட்டாள் என்று வைத்துக்கொண்டால், பிறகு மிஞ்சுவது 18 வாரம். அதாவது 126 நாள். பிள்ளைக்கு நாலு மாதம் கடந்து சில நாட்களே ஆகியிருக்கும்போது அவள் வேலையில் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமோ ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் கொடுக்க வேண்டாம் என்கிறது. இடையிலுள்ள ஏறத்தாழ இரண்டு மாத காலத்தில்தான் அவளுடைய குற்ற உணர்ச்சி மிக உக்கிரமாக இருக்கும். அதற்குப் பரிகாரம் மனத்தைத் தேற்றிக்கொள்வதைவிடப் பாலைப் பீய்ச்சி வைப்பதே. பீய்ச்சிய பால் 25 பாகை வரையுள்ள அறை வெப்பத்தில் நாலு மணி நேரமும், குளிர்பெட்டியின் உட்புறத்தில் நாலு நாளும் கெடாமலிருக்கும் என்பது பொதுவான வழிகாட்டல். சித்திரை வைகாசியில் விருத்தாசலத்து அறை எதுவும் 25 பாகையில் நிற்காது. ஆகவே குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அந்த நாலு மணிக் கணக்கை நம்பக் கூடாது. அத்தகைய வீட்டுத் தாய்க்கு மத்தியானம் ஒரு தடவை பிள்ளையிடம் போய்வர வழி இருக்கிறதா என்பதே உண்மையான கேள்வி.

வழி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் எல்லோருக்கும் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்டுவதற்கென்று நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பிள்ளைக் காப்பகம் இருக்க வேண்டும். தாய் அங்கே நாளுக்கு நாலு முறை போய்வரலாம். பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறையோ இச்சட்டத்தின் வரம்புக்குள்ளேயே வருவதில்லை. எட்டுப் பேரை வைத்துப் பொம்மை வார்க்கிற கூடத்தில் வேலை செய்கிறவளுக்கு 26 வாரமும் இல்லை, காப்பகமும் இல்லை, பாலூட்டும் இடைவேளையும் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் தமிழக அரசு ஏழைத் தாய்மார்களுக்குத் தரும் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி அவளுக்குக் கிடைக்கக்கூடும். ஆனால் அது பிரசவத்துக்கான உதவி. அவள் உட்கார்ந்த இடத்தை அவளுக்காக வைத்திருக்கும் கடமை அதனால் எவருக்கும் உண்டாவதில்லை. இப்படிப்பட்டவளிடம் போய் மழைமுகத்தையும் தாய்முகத்தையும் பற்றிப் பேசுவது, சட்டம் செய்யாமல் விட்டதை அவளுடைய மார்பின்மேல் பாரமாக ஏற்றி வைப்பதாகும்.

குற்ற உணர்ச்சிக்கு இவ்வளவு வாசகங்கள் தயாராக இருக்க, அபிலாஷைக்கு என்ன இருக்கிறது? ‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்பதுதான் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது. ஆண்பிள்ளை தொழிலில் முன்னுக்கு வர விரும்பினால் அது அவனுடைய லட்சணம் என்று விளங்கிக்கொள்கிற பாஷையில், பெண் அதையே விரும்பினால் அதற்கு ஓர் இடுகுறிப் பெயர்கூட இல்லாமல் போவது விசித்திரம். அதனாலேயே அவள் தன் ஆசையைச் சொல்ல வரும்போது அதைத் தேவையென்று மாற்றிச் சொல்கிறாள். ‘வூட்டுக் கடன் இருக்குதே, அத்தை, போகாம முடியுமா?’ என்பாள். கடன் இருப்பது வாஸ்தவம்தான். ஆனால் மே மாதத்திலும் டிசம்பரிலும் தேர்வாணையம் நடத்துகிற துறைத் தேர்வில் இந்தத் தடவையாவது தேறி உதவியாளர் பதவிக்கு உயர வேண்டும் என்று பிள்ளை உறங்கிய பிறகு விதித்தொகுப்பை விரித்து வைத்துக்கொண்டு உட்காருகிறாளே, அதற்குக் கடன் மட்டும் காரணமாகாது. பட்டறைப் பெண்ணுக்கும் இது உண்டு. பஞ்சால் துடைக்கிற வேலையிலிருந்து அச்சு வார்க்கிற வேலைக்கும், அங்கிருந்து வண்ணம் தீட்டுகிற வேலைக்கும் போகிறவளுக்குக் கூலி மட்டுமா உயர்கிறது? தன் கைத்தொழில் தன் கையில் இருக்கிறது என்ற மனோபாவமும் கூடவே வருகிறது.

இந்த ஆசைக்கு நேரடியாக இடம் கொடுக்கிற வாசகம், வேறு காரியத்துக்குப் பயன்படுகிற ஒன்றில் ஒளிந்திருக்கிறது. ‘தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு’ என்று பணம் கொடுக்கல் வாங்கலில் கண்டிப்பாகப் பேசுகிறவர்கள் சொல்வார்கள். எவ்வளவு நெருங்கிய உறவானாலும் கணக்குக் கணக்குத்தான் என்பது அதன் நடைமுறைப் பொருள். கேட்பதற்குச் சற்றே கசப்பாகவும் இருக்கும். ஆனால் பிரசவித்தவளின் பக்கமிருந்து இதைக் கேட்டால் வேறொரு நியாயம் தெரிகிறது. பிள்ளை பால் குடித்துப் பசியாறுவதால் தாயின் பசி ஆறிவிடாது. பாலூட்டுகிறவளுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே பசிக்கும். பிள்ளையின் நலம் நிறைவேறினால் தன் ஆசையும் நிறைவேறிவிட்டது என்று அவள் இருந்துவிட வேண்டுமென்பது எந்த சாஸ்திரத்திலும் கட்டாயமில்லை. தாய்மையின் புகழ் பாடுகிற எத்தனையோ வாசகங்களுக்கு நடுவே, தாய்க்கும் தனியாக ஒரு வயிறு உண்டு என்று ஒப்புக்கொள்கிற இந்தக் கறாரான வாசகம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ‘தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும்’ என்பதை இதற்கு அடுத்தபடியாகத்தான் வைப்பேன். பெரும்பாலும் கெட்டிக்காரத்தனத்தையோ போக்கிரித்தனத்தையோ கண்டு சொல்லப்படுவதானாலும், தாய் பாய்வதை முதலில் ஒப்புக்கொண்டு பேசுவது அதன் சிறப்பு. ஆயினும் கடைசியில் தாயின் எட்டடியைப் பிள்ளையின் பதினாறடிக்காகத்தானே அது நியாயப்படுத்துகிறது!

இங்கே ஆசிரியையின் விஷயத்தைத் தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழக அரசுப் பணியிலிருக்கும் பெண்களுக்குப் பேறுகால விடுப்பு 2011இல் ஆறு மாதமாகவும், 2016இல் ஒன்பது மாதமாகவும், 2021இல் பன்னிரண்டு மாதமாகவும் உயர்ந்திருக்கிறது. நல்லூர் ஒன்றியத்தில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை ஆனி மாதத்தில் பிள்ளை பெற்று, அடுத்த ஆனியில் பள்ளிக்குத் திரும்புகிறாள் என்று கற்பனை செய்துகொள்வோம். பிள்ளை சோறு தின்கிறது, பிடித்துக்கொண்டு நிற்கிறது, பால் கட்டுகிற தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. உடம்பைப் பொறுத்தவரை பட்டறைப் பெண்ணைவிட அவள் பாக்கியசாலி. ஆனால் ஒரு வயதுப் பிள்ளை நாலு மாதப் பிள்ளையைப்போல் எடுப்பவர் கைக்கெல்லாம் போகாது. முகம் தெரிந்த வயது. வாசற்படியில் காலைக் கட்டிக்கொள்ளும். இரண்டு வயதைத் தாண்டினால்தான் அங்கன்வாடிக்கு அனுப்பலாம். பிய்த்து எடுத்துவிட்டு வந்த கையோடு, பள்ளியில் ஊரார் பிள்ளைகளுக்கு அவள் அகரம் எழுதிக் காட்ட வேண்டும்.

‘ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்று அவளுக்குச் சொல்லாதவர்கள் இல்லை. இதற்கு நாட்டுப்புறத்தில் ஒரு வியாக்கியானம் வழங்குகிறது: ஊரார் பெற்ற பிள்ளையாகிய மனைவியைக் கர்ப்ப காலத்தில் புருஷன் ஊட்டி வளர்த்தால், அவள் வயிற்றிலுள்ள அவனுடைய பிள்ளை தானே வளரும் என்பது. இது பிற்காலத்துச் சாமர்த்தியமா, பழமொழியின் ஆதிக் கருத்தா என்பதைத் தீர்மானிக்க ஆதாரமில்லை; இரண்டு பொருளும் இன்று புழங்குகின்றன என்பது போதும். ஆசிரியைக்கு முதற் பொருளைச் சொன்னால், தன் பிள்ளையைத் தெய்வத்தின் கையில் விட்டுவிட்டுத் தொண்டு செய் என்று ஆகிறது. ‘தானே’ வளர்கிற பிள்ளை உலகத்தில் எங்கும் இல்லை, யாரோ ஒரு பெண் வளர்க்கிறாள் என்பதை அது மறைத்துவிடுகிறது. இரண்டாம் பொருளோ பேச்சை வேறொருவர் பக்கம் திருப்புகிறது. வேலையிலிருந்து வந்தவளுக்குச் சோறு எடுத்து வைப்பதும், இரவில் எழுந்து பிள்ளையின் துணியை மாற்றுவதும், தேர்வுக்கு முந்திய வாரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் உலாத்துவதும் ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்க்கிற காரியங்களில் சேரும் என்று புருஷனிடம் சொல்ல இந்த வியாக்கியானம் உபயோகப்படுகிறது. ஒரே வாசகம், கேட்கிற காது மாறினால் செய்ய வேண்டியவரும் மாறிவிடுகிறார்.

வாசகங்களைத் தரம் பிரிக்க எனக்குத் தெரிந்த வழி இதுவே. சொல்லி முடித்ததும் யார் எழுந்து ஒரு வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு’ என்று பெரியவர்கள் பெருமூச்சு விட்டால் ஒருவரும் எழுந்திருக்க வேண்டியதில்லை; அவளுடைய வேதனைக்கு ஒரு பெயர் கிடைத்ததோடு சரி. பித்து என்று சொல்லிவிட்டதனால் அவள் சொல்கிற குறிப்பான விஷயங்கள்கூட — பால் புளித்துவிட்டது, மத்தியான பஸ் வரவில்லை, பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது — பித்துப் பேச்சாகத் தள்ளப்படும் அபாயமும் உண்டு. மாறாக, பக்கத்துப் பலகையில் வேலை செய்கிற மூத்தவள், ‘நீ போய்ப் பால் குடுத்துட்டு வா, உன் அச்ச நான் கவுத்துக்கிறேன்’ என்கிறாளே, அதில் எதுகையும் இல்லை, மோனையும் இல்லை, பழமொழி சேகரிக்கிறவர் எவரும் அதைக் குறித்துக்கொள்ளமாட்டார். ஆனால் அச்சு நேரத்தில் கவிழ்கிறது, பிள்ளையும் பசியாறுகிறது, அவளுடைய கூலியும் குறைவதில்லை. அந்த மூத்தவளும் ஒரு காலத்தில் தன் பிள்ளைக்காக இன்னொருத்தியிடம் இதே உதவியைப் பெற்றிருக்கக்கூடும்.

மாலை நேரத்துக்கும் ஒரு வாசகம் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ‘குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்திலே’ என்பது. வேலை முடிந்து ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வருகிறவள் கையை நீட்டுகிறாள். பிள்ளை ஆயாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறது. அப்போது ஆயா சிரித்துக்கொண்டே இதைச் சொன்னால், பகலெல்லாம் கொண்டாடியது நானல்லவா என்ற பெருமிதம் அதில் கலந்திருப்பது தாயின் காதுக்குத் தப்பாது. அவள் அழுதாலும் ஆச்சரியமில்லை. ஆனால் அதே பழமொழியைக் காலையில் ஆயா சொல்லியிருந்தால் அது உறுதிமொழியாக இருந்திருக்கும்; இங்கே கொண்டாட ஆளிருக்கிறது, நீ போய் வா என்று பொருள்பட்டிருக்கும். முகத்தைத் திருப்புகிற பிள்ளையைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொள்வது நல்லது. ஒரு வயதை ஒட்டிய பிள்ளைகள் நாள் முழுதும் காணாத தாயைக் கண்டதும் சிறிது நேரம் பிணங்குவதும், உடனே அவளிடமே தாவிச் சிணுங்குவதும் உண்டு. நாள் முழுதும் அடங்கியிருந்த பிள்ளை தாய் வந்ததும் ஆர்ப்பாட்டம் செய்வது, அவளிடம்தான் அதற்கு உரிமை இருக்கிறது என்ற நிச்சயத்தினால். வந்ததும் வராததுமாகப் பிடுங்கி எடுக்காமல், கை கால் கழுவிக்கொண்டு ஆயாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், பெரும்பாலும் பிள்ளை தானாகவே மடி மாறும். பட்டறையிலிருந்து வருகிறவள் கழுவுவதற்கு முன் பிள்ளையைத் தொடாமலிருப்பது வேறொரு காரணத்தாலும் அவசியம். பீங்கான் மண்ணில் கலந்த படிகக்கல் மாவின் நுண்தூசி சேலையிலும் தலைமயிரிலும் படிந்து வரும். அது நுரையீரலுக்கு ஆகாதது. ஆகையால் வேலைச் சேலையை வெளியிலேயே உதறாமல் கழற்றி நனைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். அந்தச் சில நிமிஷங்கள் பிள்ளையை வைத்துக்கொண்டிருக்க ஆயா இருந்தாக வேண்டும்.